தறியின் டேப்பட் எந்த நொடியில் எவ்வளவு தள்ளும்?

சாதாரண விசைத்தறியின் அடியில் குனிந்து பார்த்தால், கீழே ஓடும் தண்டில் கனமான இரண்டு இரும்புத் துண்டுகள் தெரியும். வட்டமாக இல்லாமல், ஒரு பக்கம் ஒடுங்கி மறுபக்கம் புடைத்திருக்கும். தறிக்காரர்கள் இவற்றை டேப்பட் என்பார்கள். இயந்திரவியல் பாடத்தில் இவற்றுக்குக் கேம் என்று பெயர். டேப்பட் சுற்றும்போது அதன் புடைப்பு, டிரெடில் என்ற நீண்ட மிதிகட்டையில் பொருத்திய உருளையைத் தள்ளுகிறது. மிதிகட்டை இறங்கும்போது அதோடு கட்டப்பட்ட விழுதுச் சட்டமும் இறங்குகிறது. அந்தச் சட்டத்தில் கோத்திருக்கும் பாதிப் பாவு நூல்கள் கீழே போகின்றன, மற்றப் பாதி மேலே எழுகின்றன. நடுவில் திறக்கும் இடைவெளி வழியாக நாடா பாய்கிறது.

கேம் தள்ளத் தள்ள நகரும் உறுப்பைப் பொதுவாக ஃபாலோயர் என்பார்கள். இங்கே அந்த வேலையைச் செய்வது மிதிகட்டையின் உருளை. தண்டிலிருந்து அது விலகும் தூரம் லிஃப்ட். தறியில் உருளை கீழ்நோக்கித் தள்ளப்பட்டாலும் கணக்கில் அதற்கு லிஃப்ட் என்றுதான் பெயர். தண்டு இத்தனை டிகிரி திரும்பியிருக்கும்போது லிஃப்ட் எத்தனை மில்லிமீட்டர் என்பதே நம் கேள்வி. இதற்கு விடை தெரியாமல் டேப்பட்டை வரையவும் முடியாது, தேய்ந்துபோன டேப்பட்டைச் சோதிக்கவும் முடியாது.

ஒரு சுற்றில் நடப்பது

ஒரு முறை நாடா பாய்வதைப் பிக் என்பார்கள். சாதா நெசவில் டேப்பட் தண்டு ஒரு முழுச் சுற்றுச் சுற்றுவதற்குள் இரண்டு பிக் விழும். ஆகவே ஒரு பிக்குக்கு 180 டிகிரி. அந்த 180 டிகிரியில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 60 டிகிரி, விழுதுகள் அசையாமல் நிற்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். பாவு திறந்தபடி இருக்கும் அந்த நேரத்தில்தான் நாடா ஒரு கரையிலிருந்து மறு கரைக்குப் போகிறது. விழுதுகள் இடம் மாற மிச்சம் இருப்பது 120 டிகிரி.

ஒரு டேப்பட்டின் கணக்கு இப்படி வருகிறது: 120 டிகிரியில் உருளையை முழுதாகத் தள்ளுகிறது, 60 டிகிரி அப்படியே நிறுத்துகிறது, அடுத்த 120 டிகிரியில் திரும்ப விடுகிறது, கடைசி 60 டிகிரி மீண்டும் ஓய்வு. முழு லிஃப்ட்டை 80 மில்லிமீட்டர் என்று எடுத்துக்கொள்வோம்.

தள்ளும் அந்த 120 டிகிரியில் 80 மில்லிமீட்டரை எப்படிப் பகிர்ந்து கொடுப்பது? டிகிரிக்கு இவ்வளவு என்று சமமாகப் பிரிப்பது முதலில் தோன்றும் வழி. 20 டிகிரிக்கு 13.33 மில்லிமீட்டர் வீதம் ஆறு தவணையில் முடிந்துவிடும். ஆனால் அப்படிச் செய்தால், நின்றுகொண்டிருந்த விழுது ஒரே கணத்தில் முழு வேகத்துக்குப் போக வேண்டும், கடைசியில் முழு வேகத்திலிருந்து ஒரே கணத்தில் நிற்க வேண்டும். இரண்டு இடத்திலும் அடி விழும்.

நூலின் பக்கமிருந்து பார்த்தாலும் இது ஆகாது. பாவு நூல் துணியின் விளிம்புக்கும் பின்னாலிருக்கும் பாவு உருளைக்கும் நடுவே இழுத்துக் கட்டப்பட்டது. அதை மேலோ கீழோ தள்ளினால் நீள்கிறது. எவ்வளவு நீள்கிறது என்பது தள்ளிய தூரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது: தூரம் இரு மடங்கானால் நீட்சி ஏறக்குறைய நான்கு மடங்கு. ஆகவே பாவு முழுதாகத் திறக்கும் நேரத்தில்தான் நூல் மிகவும் இறுக்கமாக இருக்கும். இரண்டு விழுதுகளும் ஒரே மட்டத்தில் ஒன்றையொன்று தாண்டும்போது மிகவும் தளர்ந்திருக்கும். இறுகிய நூலை மெதுவாகவும் தளர்ந்த நூலை வேகமாகவும் நகர்த்தினால் அறுதல் குறையும். அதாவது இரு முனைகளிலும் மெல்ல, நடுவில் விரைவாக. தனிச்சீரிசை இயக்கம் கொடுப்பது இதைத்தான்.

ராட்டினத்தின் கணக்கு

பொருட்காட்சி ராட்டினத்தில் அடியில் ஏறி உட்கார்ந்தவரை நினைத்துக்கொள்ளுங்கள். சக்கரம் ஒரே சீராகச் சுற்றினாலும் அவர் உயரம் ஒரே சீராக ஏறாது. தொடக்கத்தில் பெட்டி பெரும்பாலும் பக்கவாட்டில் நகரும், உயரம் கொஞ்சமே கூடும். கால் சுற்று ஆனபோது நேர் மேலே எழும்பும், அப்போதுதான் ஏற்றம் மிக வேகம். உச்சியை நெருங்கும்போது மறுபடி மெதுவாகும். அடியிலிருந்து உச்சிக்குப் போக அரைச் சுற்று, 180 டிகிரி.

நம் லிஃப்ட் 80 மில்லிமீட்டர். ஆகவே 80 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு குட்டி ராட்டினத்தை மனதில் கட்டுவோம். அதன் ஆரம் 40, மையம் தரையிலிருந்து 40 மில்லிமீட்டர் உயரத்தில். சக்கரம் φ டிகிரி சுற்றியபோது பெட்டி மையத்துக்குக் கீழே 40 × cos φ தூரத்தில் இருக்கும். ஆகவே தரையிலிருந்து அதன் உயரம் 40 − 40 cos φ. நமக்கு வேண்டிய லிஃப்ட் இதுதான்.

இனி டேப்பட்டையும் ராட்டினத்தையும் பொருத்த வேண்டும். டேப்பட் 120 டிகிரி திரும்புவதற்குள் ராட்டினம் 180 டிகிரி சுற்றிவிட வேண்டும். டேப்பட்டின் ஒரு டிகிரிக்கு ராட்டினத்தின் ஒன்றரை டிகிரி. முழு லிஃப்ட்டை h என்றும், தள்ளும் கோணத்தை β என்றும், தள்ளத் தொடங்கியதிலிருந்து தண்டு திரும்பிய கோணத்தை θ என்றும் எழுதினால், எந்தக் கேமுக்கும் பொருந்தும் வாய்பாடு இது:

y = (h/2) × (1 − cos(180° × θ/β))

நம் தறிக்கு இது y = 40 × (1 − cos 1.5θ) என்று சுருங்குகிறது.

தள்ளத் தொடங்கி 50 டிகிரி ஆனபோது லிஃப்ட் எவ்வளவு என்று பார்ப்போம். 50-ஐ 1.5 ஆல் பெருக்கினால் 75 டிகிரி. cos 75° என்பது 0.2588. ஒன்றிலிருந்து கழித்தால் 0.7412. 40 ஆல் பெருக்கினால் 29.65 மில்லிமீட்டர். சமமாகப் பிரித்திருந்தால் இந்த இடத்தில் 33.33 வந்திருக்கும்.

20 டிகிரிக்கு ஒரு முறை கணக்கிட்டால் முழு அட்டவணையும் கிடைக்கிறது:

| டேப்பட் திரும்பியது | ராட்டினக் கோணம் | லிஃப்ட் (மி.மீ.) |
|---|---|---|
| 0° | 0° | 0 |
| 20° | 30° | 5.36 |
| 40° | 60° | 20 |
| 60° | 90° | 40 |
| 80° | 120° | 60 |
| 100° | 150° | 74.64 |
| 120° | 180° | 80 |

முதல் 20 டிகிரியில் 5.36 மில்லிமீட்டர்தான். நடுவில் இருக்கும் இரண்டு தவணைகள் ஒவ்வொன்றும் 20 மில்லிமீட்டர். கடைசித் தவணை மீண்டும் 5.36. நூல் இறுகும் முனையில் விழுது எவ்வளவு நிதானமாகப் போகிறது என்பதை இந்த எண்களே சொல்லும்.

கால்குலேட்டர் இல்லாமலும் இதை எடுக்கலாம். 80 மில்லிமீட்டருக்கு ஒரு நேர்கோடு போட்டு, அதன் மேல் காம்பஸால் அரைவட்டம் வரைய வேண்டும். அரைவட்டத்தை 30 டிகிரி வீதம் ஆறு சம பாகமாக்கி, ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் கோட்டுக்குச் செங்குத்து இறக்கினால், கோட்டின் மேல் விழும் அடையாளங்கள் 5.36, 20, 40, 60, 74.64 என்ற இடங்களில்தான் இருக்கும். சாதா தறிக்கு டேப்பட் வரையும் முறையை நெசவுத் தொழில்நுட்ப மாணவர்கள் இப்படித்தான் கற்கிறார்கள். வட்டத்தில் சமமாக இருந்த ஆறு பங்கு கோட்டில் சமமற்றுப் போவதைக் கண்ணால் பார்க்கலாம்.

இரண்டு டேப்பட்டும் சேர்ந்து

தறியில் இந்த வளைவுக்கு இன்னொரு நன்மையும் இருக்கிறது. இரண்டு விழுதுகளும் மேலே உருளைகளின் வழியாக வாரால் இணைக்கப்பட்டவை. ஒன்று இறங்கினால் மற்றது ஏறும். ஆகவே ஒரு டேப்பட் எவ்வளவு தள்ளுகிறதோ, அதே நேரத்தில் மற்றது அவ்வளவு விட்டுக்கொடுக்க வேண்டும். கூடத் தள்ளினால் வார் முறுக்கேறும், குறையத் தள்ளினால் தொய்யும்.

திரும்பும் டேப்பட்டின் லிஃப்ட் 40 × (1 + cos 1.5θ). தள்ளும் டேப்பட்டின் லிஃப்ட்டோடு இதைக் கூட்டினால் cos கழிந்துபோய், எந்தக் கோணத்திலும் சரியாக 80 வரும். 50 டிகிரியில் ஒன்று 29.65, மற்றது 50.35. 60 டிகிரியில் இரண்டும் 40. அதாவது விழுதுகள் ஒரே மட்டத்தில் ஒன்றையொன்று தாண்டுகின்றன. நடைமுறையில் பின் விழுது துணியிலிருந்து சற்றுத் தள்ளி இருப்பதால், அதே அளவு திறப்பு கிடைக்க அதற்குக் கொஞ்சம் கூடுதல் நகர்வு தேவை. அதனால் அதன் டேப்பட்டுக்கு h சற்றுப் பெரிதாக இருக்கும், மேல் உருளைகளின் விட்டமும் அதற்கேற்ப மாறும். வாய்பாடு மாறாது, h மட்டும் மாறும்.

எங்கே தவறு நுழைகிறது

வாய்பாடு எளிதாக இருப்பதால் தவறுகள் பெரும்பாலும் அதற்குள் போடும் கோணத்தில்தான் நடக்கின்றன. தறியில் மூன்று வகைத் தவறுகள் அடிக்கடி வரும்.

முதலாவது, எங்கிருந்து அளக்கிறோம் என்பது. θ என்பது தள்ளத் தொடங்கிய இடத்திலிருந்து எண்ணும் கோணம். தண்டில் போட்ட குறியிலிருந்து 30 டிகிரி தள்ளித்தான் ஏற்றம் தொடங்குகிறது என்றால், குறி 80 டிகிரியைக் காட்டும்போது θ என்பது 50. அதைக் கழிக்காமல் 80-ஐயே போட்டால் விடை 29.65-க்குப் பதில் 60 வரும்.

இரண்டாவது, எந்தத் தண்டு என்பது. தறியின் மேல் தண்டான கிராங்க் ஷாஃப்ட், டேப்பட் தண்டைப் போல இரு மடங்கு வேகத்தில் சுற்றுகிறது. தறியில் கோணத்தைக் கிராங்கிலிருந்து படிப்பதே வழக்கம். கிராங்க் 100 டிகிரி திரும்பியபோது டேப்பட் 50 டிகிரிதான் திரும்பியிருக்கும். பாதியாக்க மறந்து 100 போட்டால் 74.64 என்று வரும். விழுது ஏறக்குறைய முழுதாக நகர்ந்துவிட்டது போலத் தோன்றும்.

மூன்றாவது, கால்குலேட்டர் எந்த அலகில் இருக்கிறது என்பது. பாடப்புத்தகங்களில் இதே வாய்பாடு cos(πθ/β) என்று இருக்கும். அது ரேடியன் கணக்கு. டிகிரியில் 75 என்று போட்டுவிட்டு கால்குலேட்டர் ரேடியனில் இருந்தால் லிஃப்ட் 3.13 மில்லிமீட்டர் என்று சொல்லும்.

மூன்றையும் பிடிக்க ஒரே சோதனை போதும். தொடக்கத்தில் சுழி, நடுவில் சரிபாதி, முடிவில் முழு லிஃப்ட். இந்த மூன்று இடத்திலும் நீங்கள் போடும் முறை 0, 40, 80 என்று கொடுக்காவிட்டால் நடுவில் கிடைத்த எந்த எண்ணையும் நம்ப வேண்டாம்.

எண்ணிலிருந்து இரும்புக்கு

லிஃப்ட் தெரிந்ததும் டேப்பட்டின் உருவம் வந்துவிட்டதாக எண்ணக் கூடாது. லிஃப்ட் என்பது உருளையின் மையம் நகர்ந்த தூரம். தண்டின் மையத்திலிருந்து டேப்பட்டின் மிக அருகிலுள்ள விளிம்பு 50 மில்லிமீட்டர், உருளையின் விட்டம் 50 என்று கொள்வோம். தொடக்கத்தில் உருளையின் மையம் 50 + 25, அதாவது 75 மில்லிமீட்டரில் இருக்கும். 50 டிகிரியில் அது 75 + 29.65, அதாவது 104.65 மில்லிமீட்டர். இப்படி ஒவ்வொரு கோணத்துக்கும் மையத்தைக் குறித்து, ஒவ்வொன்றிலும் 25 மில்லிமீட்டர் ஆரத்தில் வட்டம் போட்டு, எல்லா வட்டங்களையும் உட்புறமாகத் தொட்டுச் செல்லும் ஒரே வளைவை வரைந்தால் அதுதான் டேப்பட்.

இந்த நடையை விட்டுவிட்டு 50 + 29.65 என்று நேரடியாக விளிம்பைக் குறிப்பவர்கள் உண்டு. ஏற்றத்தின் நடுவில் அது கணிசமாகப் பிழைக்கும். அந்த இடத்தில் டேப்பட்டின் முகம் சாய்ந்திருப்பதால் உருளை அதை நேர் கீழே தொடுவதில்லை, பக்கவாட்டில் தொடுகிறது. நம் எண்களுக்கு அந்தச் சாய்வு 29 டிகிரி. தொடும் புள்ளி, மையத்தின் கோட்டிலிருந்து ஏறக்குறைய 8 டிகிரி தள்ளிப் போய்விடுகிறது. விளிம்பை நேரடியாகக் குறித்து வெட்டிய டேப்பட், வேறு ஒரு இயக்கத்தைத்தான் கொடுக்கும்.

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். மிதிகட்டை ஒரு முனையில் ஊன்றியிருப்பதால் உருளை நேர்கோட்டில் அல்ல, சிறு வில்லில் நகரும். கட்டை நீளமாக இருந்தால் அந்த வில் ஏறக்குறைய நேர்கோடு போலவே இருப்பதால் சாதா தறிக் கணக்கில் அதை விட்டுவிடுகிறார்கள்.

வேகம் கூட்டினால்

தனிச்சீரிசை ஏற்றத்துக்கு ஒரு குறை உண்டு. வேகம் சுழியிலிருந்து மெல்லத் தொடங்குகிறது, ஆனால் முடுக்கம் அப்படி இல்லை. ஓய்வில் இருக்கும் உருளைக்கு முடுக்கம் சுழி. ஏற்றம் தொடங்கிய கணமே அது உச்ச அளவுக்குத் தாவுகிறது. முடிவிலும் அதே தாவல், எதிர்த் திசையில்.

நிமிடத்துக்கு 150 பிக் ஓடும் தறியில் டேப்பட் தண்டு நிமிடத்துக்கு 75 சுற்று. ஒரு சுற்றுக்கு 0.8 வினாடி, ஏற்றத்துக்கு அதில் மூன்றில் ஒரு பங்கு, ஏறக்குறைய 0.27 வினாடி. அப்போது உருளையின் உச்ச முடுக்கம் வினாடி வர்க்கத்துக்கு 5.55 மீட்டர். தறியை 200 பிக்குக்குக் கூட்டினால் அது 9.87 மீட்டர். வேகம் மூன்றில் ஒரு பங்குதான் கூடியது. முடுக்கம் முக்கால் மடங்குக்கும் மேல் கூடிவிட்டது, ஏனென்றால் அது வேகத்தின் வர்க்கத்தைப் பின்பற்றுகிறது. உருளைக்கும் டேப்பட்டுக்கும் இடையே தேய்மானத்தால் சிறு இடைவெளி இருந்தாலும், ஏற்றம் தொடங்கும் இடத்தில் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தட்டும் சத்தம் கேட்கத் தொடங்குவது இதனால்தான்.

அதிவேக இயந்திரங்களில் சைக்ளாய்டு போன்ற வேறு வளைவுகளைப் போடுவார்கள். அவற்றில் முடுக்கமும் சுழியிலிருந்தே தொடங்கும். ஆனால் அதே லிஃப்ட்டை அதே கோணத்தில் முடிக்க, நடுவழியில் அவற்றின் உச்ச முடுக்கம் தனிச்சீரிசையைவிட ஏறக்குறைய 27 சதவீதம் அதிகம். மிதமான வேகத்தில் ஓடும் சாதா தறிக்குத் தனிச்சீரிசை வளைவு ஒத்துப்போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஓடும் தறியில் சரிபார்க்க

பழைய டேப்பட் இன்னும் தன் வளைவைக் காக்கிறதா என்று பார்க்க, தறியை நிறுத்திக் கையால் சுற்றினாலே போதும். ஏற்றம் தொடங்கும் இடத்தில் தண்டில் ஒரு குறி, அங்கிருந்து 20 டிகிரிக்கு ஒரு குறி. ஒவ்வொரு குறியிலும் உருளை டேப்பட்டின் மேல் பதிந்திருக்கும்படி வைத்து, அது எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று அளந்து, அட்டவணையோடு ஒப்பிட வேண்டும்.

60 டிகிரியில் 40 வராவிட்டால் முதலில் தொடக்கக் குறியைச் சந்தேகியுங்கள். நடுவில் ஏற்றம் மிக வேகம் என்பதால், குறி ஒரே ஒரு டிகிரி பிசகினாலும் அங்கே ஒரு மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் காட்டும். அதே பிசகு இரு முனைகளிலும் கண்ணுக்கே தெரியாது. குறி சரியாக இருந்து, 20 டிகிரி அளவையும் 100 டிகிரி அளவையும் கூட்டினால் 80 வராவிட்டால், டேப்பட் ஒரு பக்கம் தேய்ந்திருக்கிறது. 20 டிகிரியில் குறைந்தால் ஏற்றம் தொடங்கும் தோள் தேய்ந்தது. 100 டிகிரியில் குறைந்தால் உச்சியை அடுத்த பகுதி. பாவு முழுதாகத் திறக்காமல் நாடா நூலில் உரசுகிறது என்றால் இந்த இரண்டாவது இடத்தைத்தான் முதலில் அளக்க வேண்டும்.